தோட்டத்து வீடும் வீட்டுத் தோட்டமும்: இரண்டு கிளிப்கள் சேர்ந்து கதை கட்டுவது எப்படி?

தேர்தல் வந்தாலும் சரி, மழை பொய்த்தாலும் சரி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி சில காணொளிகள் கைப்பேசியில் சுற்றும். கருகிய வயலில் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். அடுத்த நொடி, ஏதோ மேடையில் ஒரு பிரமுகர் வாய்விட்டுச் சிரிப்பார். பார்த்தவருக்கு ரத்தம் கொதிக்கும். இரண்டு நாள் கழித்து அந்தச் சிரிப்பு போன வருஷத்துப் பட்டிமன்றம் ஒன்றில் எடுத்தது என்று தெரியவரும். அப்படியானால் வீடியோ பொய்யா? வயலும் உண்மை, சிரிப்பும் உண்மை. யாரும் எதையும் வரையவில்லை, முகத்தை மாற்றவில்லை. ஒட்டுப்போட்ட இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த ஒட்டு எப்படி வேலை செய்கிறது, வரிசையைப் புரட்டினால் உணர்வு ஏன் மாறுகிறது என்பதைக் காங்கேயம் பக்கத்து உதாரணம் ஒன்றை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

## முதலில் மூன்று சொற்கள்

கேமராவை ஓடவிட்டு நிறுத்தும்வரை பதிவாவது ஷாட். அதிலிருந்து நமக்கு வேண்டியதை நறுக்கி எடுத்தது கிளிப். ஒரு கிளிப் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கட். கட்டுக்கு நீளமே கிடையாது. வீடியோவில் அடுத்தடுத்து ஓடுகிற ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃப்ரேம். இந்தப் பக்கம் ஒரு ஃப்ரேம், அந்தப் பக்கம் ஒரு ஃப்ரேம், நடுவில் ஒன்றும் இல்லை. இரண்டையும் இணைக்கிற காரணம், காலம், இடம் எல்லாம் பார்ப்பவர் தலைக்குள் நடக்கிறது.

## ரஷ்யாவில் நடந்த சோதனை

இதை முதலில் திட்டமிட்டுச் சோதித்தவர் என்று லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநரைச் சொல்வார்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பிந்தைய சில ஆண்டுகள் அவை. இவான் மொஸ்ஜூகின் என்ற பிரபல நடிகரின் பழைய படச்சுருளிலிருந்து, பெரிதாக உணர்ச்சி காட்டாத ஒரு முகத்தை அவர் எடுத்துக்கொண்டார். அந்த ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடும், பொம்மையோடு விளையாடும் சிறுமியோடும் தனித்தனியாக ஒட்டினார். சூப்பைப் பார்த்தபோது நடிகர் யோசனையில் ஆழ்ந்தார், சவத்தைப் பார்த்தபோது துக்கப்பட்டார், குழந்தையைப் பார்த்தபோது லேசாகச் சிரித்தார் என்று பார்த்தவர்கள் அவர் நடிப்பை மெச்சினார்களாம்.

'ஆம்' போட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சோதனைப் படம் இன்று இல்லை. குலெஷோவின் மாணவர் புதோவ்கின் எழுதிவைத்ததிலிருந்துதான் இந்த விவரம் பரவியது. சூப்புக்கும் சவத்துக்கும் கூட ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

புதோவ்கின் சொன்ன இன்னொரு உதாரணம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. சிரிக்கும் முகம், குறிபார்க்கும் துப்பாக்கி, பயந்த முகம் என்று அடுக்கினால் அந்த மனிதர் கோழை. பயந்த முகம், துப்பாக்கி, சிரிக்கும் முகம் என்று அடுக்கினால் தைரியசாலி. புதிதாக எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. வரிசை மட்டும் மாறியதில் ஒருவருடைய குணமே மாறிவிட்டது.

## காங்கேயத்துக்கு வருவோம்

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கிளிப்கள் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசியில், நொடிக்கு 30 ஃப்ரேம் வேகத்தில் எடுத்தவை.

முகம். தாராபுரம் ரோட்டில் ஒரு பஸ் நிறுத்தம். எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், தலையில் துண்டு, முகத்தில் இரண்டு நாள் தாடி. பஸ் வருகிறதா என்று திரையின் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். 5 நொடி. மூன்றாவது நொடியில் ஒருமுறை கண் சிமிட்டுகிறார். வேறொன்றும் நடக்கவில்லை.

காளை. கண்ணபுரம் மாட்டுச் சந்தை. மயிலைக் காளை ஒன்றை மினி லாரியில் ஏற்றுகிறார்கள். முன்கால் பலகையில் படுகிறது, தயங்குகிறது, கயிற்றை இழுத்ததும் ஏறிவிடுகிறது. பின்கதவைச் சாத்துகிறார்கள். இதுவும் 5 நொடி.

பெரியவருக்கும் காளைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வேறு ஊர், வேறு நாள்.

1. காளை, பிறகு முகம். கதவு சாத்துகிறது, பெரியவர் பார்க்கிறார். யாரிடமாவது காட்டி "என்னுங்க நடந்துது?" என்று கேட்டால், "பாவமுங்க, வளத்த மாட்டை வித்துப்போட்டு உக்காந்திருக்காரு" என்கிற மாதிரிதான் பதில் வரும். பஸ்ஸுக்குக் காத்திருந்த சலிப்பு பிரிவுத்துயரம் ஆகிவிட்டது. அந்தச் சாதாரணக் கண்சிமிட்டல்கூடக் கண்ணீரை அடக்குவது மாதிரித் தெரியும்.

2. முகம், பிறகு காளை. பெரியவர் பார்க்கிறார், காளை லாரி ஏறுகிறது, கதவு சாத்துகிறது, முடிந்தது. இப்போது பதில்கள் சிதறும். அவர் விற்கவந்தவராக இருக்கலாம், வாங்கவந்தவராக இருக்கலாம், சும்மா வேடிக்கை பார்ப்பவராகவும் இருக்கலாம். எப்போதோ போன காளையை நினைத்துக்கொள்கிறார் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பது பிடிபடாது. அதற்குப் பதிலாக, அந்தத் தயங்கிய முன்கால் மனதில் நிற்கும். காளை எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது என்ற கவலை வரும்.

3. முகம், காளை, மறுபடி முகம். முகத்தை இரண்டாக நறுக்கி, முதல் இரண்டு நொடியை முன்னாலும் மிச்சத்தைப் பின்னாலும் வைக்கிறோம். அவர் பார்த்தார், இதைப் பார்த்தார், இப்படி ஆனார் என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் நிற்கும். மூன்றில் உறுதியானது இதுதான். சினிமாவில் அதிகம் பயன்படுவதும் இதுதான். ஆனால் பார்ப்பவருக்கு யோசிக்க இடமே விடாது என்பதால், கொஞ்சம் சலிப்பூட்டுகிற முறையும் இதுதான்.

## வரிசை ஏன் இவ்வளவு செய்கிறது?

இதற்குத் தமிழிலேயே ஒரு வழி இருக்கிறது. *வீட்டுத் தோட்டம்* என்றால் கொல்லையில் நாலு கத்திரிச் செடி. *தோட்டத்து வீடு* என்றால் ஊரைவிட்டுத் தள்ளி, கிணற்றோரமாக, காட்டுக்கு நடுவில் இருக்கிற சாளை. அதே இரண்டு சொற்கள்தான். தமிழில் கடைசியில் நிற்கிற சொல்தான் பேசுபொருள். முன்னால் வருவது அதற்கு அடை.

கிளிப்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கின்றன. காளை முன்னால் வந்தால் அது முகத்துக்கு அடையாகிவிடும்: 'காளையை விற்ற மனிதர்'. முகம் முன்னால் வந்தால் அதுவே காளைக்கு அடை: 'அந்த மனிதர் பார்த்த காளை'. முதல் அடுக்கில் மனிதருக்காக வருந்துகிறோம், இரண்டாவதில் காளைக்காக வருந்துகிறோம்.

இதற்குக் கீழே இன்னொரு வேலையும் நடக்கிறது. முன்னால் வந்தது முன்னால் நடந்தது, பின்னால் வந்தது அதன் விளைவு என்று மனசு தானாக எடுத்துக்கொள்கிறது. காளை முதலில் வந்தால் சம்பவம் முடிந்துவிட்டது. முகத்தில் நாம் தேடுவது அதன் பாதிப்பை. முகம் முதலில் வந்தால் அது ஒரு கேள்வி: எதைப் பார்க்கிறார்? அடுத்து வருகிற எதுவும் அதற்குப் பதிலாகிவிடும். காளை வந்தால் காளை, பேத்தி வந்தால் பேத்தி, பூட்டிய நூல் மில் கேட் வந்தால் அது.

ஆனால் சொற்களுக்கு இல்லாத ஒன்று கிளிப்புக்கு உண்டு, அது நீளம். கடைசிக் கிளிப்புக்கு அடையைச் சுமக்க நேரம் வேண்டும். காளைக்குப் பின் முகத்தை அரை நொடி மட்டும் காட்டினால், அதாவது 15 ஃப்ரேம், அங்கே ஒரு ஆள் இருந்தார் என்ற தகவல் மட்டும் போய்ச்சேரும். துக்கம் சேராது. கண் சிமிட்டல்வரை, மூன்று நொடியாவது விட்டால்தான் பார்ப்பவர் தன் துக்கத்தை அந்த முகத்தில் ஏற்றிவைக்க அவகாசம் கிடைக்கும். காளைக் கிளிப்பில் எங்கே நறுக்குகிறோம் என்பதும் அப்படித்தான். கால் தயங்குகிற இடத்தில் வெட்டி முகத்துக்குப் போனால், 'இன்னும் விற்கவில்லை, மனசு மாறலாம்' என்ற ஊசலாட்டம். கதவு சாத்திய பிறகு வெட்டினால் எல்லாம் முடிந்துபோனது.

## ஒலி வைக்கிற ஆணி

படத்தை மட்டும் ஒட்டிப் பார்ப்பவர்கள் கோட்டைவிடுகிற இடம் இது. கட் விழுகிற அதே ஃப்ரேமில் ஒலியும் மாறினால், சந்தை இரைச்சல் டக்கென்று நின்று ரோட்டுச் சத்தம் கேட்கும். பெரியவர் வேறு எங்கோ இருக்கிறார் என்று காது காட்டிக்கொடுத்துவிடும். அப்போதும் இணைப்பு அறுந்துபோகாது, வேறாகிவிடும். காளை போய் நாளாகிவிட்டது, இவர் தனியாக உட்கார்ந்து நினைக்கிறார் என்று ஆகும்.

சந்தை ஒலியை மட்டும் வெட்டாமல் முகத்தின் அடியில் இரண்டு நொடி நீட்டினால் கதை மாறும். தரகர் குரலும் மாட்டுக் கழுத்து மணியும் கேட்க, பெரியவர் அங்கேயே, லாரிக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறவர் ஆகிவிடுவார். இதுபோல முதல் கிளிப்பின் ஒலியை இரண்டாவதற்கு அடியில் ஓடவிடுவதை எடிட்டர்கள் எல்-கட் என்பார்கள். திருப்பி, பஸ் ஹாரனை முதலில் கேட்கவைத்துவிட்டு அப்புறம் முகத்தைக் காட்டுவது ஜே-கட். டைம்லைனில் படப்பட்டையும் ஒலிப்பட்டையும் அந்த எழுத்துகளின் வடிவத்தில் நிற்பதால் வந்த பெயர்கள்.

திசையும் முக்கியம். பெரியவர் வலப்பக்கம் பார்க்கிறார். காளை திரையில் இடமிருந்து வலமாக ஏறினால், அவர் பார்வை போகிற திசையிலேயே போகிறது, அவரை விட்டு விலகுகிறது. வலமிருந்து இடமாக வந்தால் அவரை நோக்கி வருவது போலாகும், விற்பனை வரவேற்பாகிவிடும்! இதைச் சரிசெய்யச் சிலர் கிளிப்பைக் கண்ணாடி பிம்பம் மாதிரி இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். காளைக்கு இடது வலது தெரியாது, தப்பித்துக்கொள்ளும். லாரியின் நம்பர் பலகை தப்பிக்காது.

## எங்கே இது வேலை செய்யாது?

முகம் ஏற்கெனவே ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது. பெரியவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தால், எந்தக் காளையை ஒட்டினாலும் அவர் சோகமாகத் தெரியப்போவதில்லை. நல்ல விலைக்கு விற்றவர் என்றுதான் தெரிவார். குலெஷோவ் ஏன் அவ்வளவு அடங்கிய முகத்தைத் தேடினார் என்பது இங்கே புரியும். காலி முகம்தான் கடன் வாங்கும்.

சாதாரண பார்வையாளர்களிடம் புதோவ்கின் எழுதிய அளவுக்கு இது நடக்கிறதா என்று பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்களும் சோதித்தார்கள். 1992-இல் பிரின்ஸ், ஹென்ஸ்லி இருவரும் அதே மாதிரி செய்துபார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2016-இல் பாரட் குழுவினர், முன்னும் பின்னும் முகம் வைத்து நடுவில் காட்சியைச் செருகிச் சோதித்தபோது ஓரளவு கிடைத்தது. அது நம்முடைய மூன்றாம் அடுக்கு. ஆக, இது மந்திரம் இல்லை. எப்படி அடுக்குகிறோம், யார் முகம், யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

யார் பார்க்கிறார்கள் என்பதற்கு சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் அனுபவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1925-இல் வந்த தன் 'ஸ்ட்ரைக்' படத்தில், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டு வீழ்த்தும் காட்சிகளுக்கு நடுவே ஒரு மாட்டை வெட்டும் காட்சியைச் செருகினார். கதைக்கும் அந்த மாட்டுக்கும் சம்பந்தமில்லை. தொழிலாளிகளை மாட்டைப் போல வெட்டினார்கள் என்பதை 'போல' என்ற சொல் இல்லாமல் சொல்வது நோக்கம். ஆனால் மாடு அறுப்பதைப் பார்த்துப் பழகிய குடியானவர்களிடம் அது எதிர்பார்த்த மாதிரி எடுபடவில்லை என்று பிறகு அவரே எழுதினார்.

நம்ம ஊருக்கும் இது அப்படியே பொருந்தும். சென்னையில் ஒருவர் லாரி ஏறும் காளையைப் பார்த்தால் 'கறிக்குப் போகிறது' என்றுதான் உடனே தோன்றும். கொறங்காட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவர் அதன் திமிலையும் கொம்பையும் பார்ப்பார். இவ்வளவு அம்சமான மயிலை பொலிகாளையாகத்தான் போகும், நல்ல இடத்துக்குத்தான் போகிறது என்று நினைப்பார். அதற்குப் பின்னால் அதே முகம் வந்தால் அவர் படிப்பது துக்கத்தை இல்லை, பெருமையை. 'போல' சொல்லாமல் இரண்டை அருகருகே வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. சங்க அகப்பாடல்களின் உள்ளுறை அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தத் திணையின் பறவையும் பூவும் தெரிந்தவருக்கு மட்டுமே அது திறக்கும்.

## சுற்றில் வரும் வீடியோவை எப்படிச் சோதிப்பது?

முதலில் சொன்ன வயலும் சிரிப்பும் வீடியோவுக்குத் திரும்புவோம். வயல் முன்னால், சிரிப்பு பின்னால் என்றால் அது ஏளனம்: விவசாயியைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரிப்பு முன்னால், வயல் பின்னால் என்றால் அது அலட்சியம்: இவர் கூத்தடிக்கும்போது அங்கே பயிர் கருகுகிறது. முதலாவதில் கோபம் அந்த ஆள்மேல் பாயும். இரண்டாவதில் விவசாயிமேல் இரக்கம் தங்கும். கோபம் வேண்டுமென்று பரப்புபவர்கள் சிரிப்பைக் கடைசியில் வைப்பது அதனால்தான்.

இப்படி ஒன்று வந்தால் ஒட்டை மட்டும் குறிவைத்துப் பார்க்க வேண்டும்.

1. இருவரும் ஒரே ஃப்ரேமில் ஒருமுறையாவது சேர்ந்து வருகிறார்களா? ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் தெரிவது போதும். ஒருமுறைகூட வராவிட்டால் பொய் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் 'பார்த்துச் சிரித்தார்' என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது நிச்சயம்.

2. நிழலைப் பாருங்கள். வயலில் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தால் உச்சி வெயில். மற்றதில் நிழல் ஆளைவிட நீளமாக இருந்தால் காலையோ மாலையோ.

3. படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். கட் விழும் இடத்தில் காற்றின் இரைச்சல் மாறினால் இரண்டு இடமாக இருக்கலாம். மாறாமல் ஓடினால் ஒரே இடம் என்று நம்பிவிடக் கூடாது. மேலே சொன்ன எல்-கட்டாக இருக்கலாம். இசையைப் போட்டு மொத்தமாக மூடியிருந்தால் இந்தச் சோதனை நடக்காது. அதற்காகவே மூடியிருக்கவும்கூடும்.

4. நறுக்கப்பட்ட கிளிப்பின் முழு நீளத்தைத் தேடுங்கள். ஒரு ஃப்ரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படம் வைத்துத் தேடினால் பல நேரம் மூலம் கிடைத்துவிடும். சிரிப்புக்கு முந்தைய பத்து நொடியில் அவர் எதற்குச் சிரித்தார் என்பது இருக்கும்.

5. இடவலம் திருப்பியிருக்கிறதா? கடைப் பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பினால் உடனே தெரியும் என்பதால், எழுத்து தெரியாத பகுதியாகப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். உடையில் மாட்டிக்கொள்வார்கள். ஆண்கள் சட்டையின் ஒற்றைப் பை இடது மார்பில் இருக்கும், சேலை முந்தானை பொதுவாக இடது தோளில் விழும். நம் பெரியவர் பார்வையைக் காளையோடு பொருத்துவதற்காக யாராவது அவரைத் திருப்பிப்போட்டால், கண்ணும் தாடியும் ஒன்றும் சொல்லாது. பஸ் காசு துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சட்டைப்பை மட்டும் வலப்பக்கம் போயிருக்கும்.